மழைக்காலச் சரக்கறையில் வண்டும் ஓதமும்

"ஐயா, பாளையங்கோட்டையில் 14 வருடமாக ஓட்டல் நடத்தி வருகிறோம். தினம் இட்லி அரிசி 12 கிலோ, சாப்பாட்டு அரிசி 20 கிலோ, பரோட்டாவுக்கு மைதா 6 கிலோ செலவாகும். விலை ஏறும் என்று சொன்னார்கள் என்பதால் புரட்டாசிக் கடைசியில் 25 கிலோ மூட்டையாக இட்லி அரிசி 20, சாப்பாட்டு அரிசி 30, 50 கிலோ மைதா 6 மூட்டை, பருப்பு, அரைத்த பொடிகள் எல்லாம் சேர்த்து வாங்கி அடுக்கினோம். கார்த்திகை பிறந்ததும் அரிசியில் கூன்வண்டு, மைதாவில் சிவப்பு வண்டு, மல்லித்தூள் கட்டி கட்டியாகக் கிடக்கிறது. இரண்டு தடவை அறையைக் காலி செய்து கழுவி விட்டோம், திரும்பவும் வருகிறது. வண்டு மாத்திரை வாங்கி வைக்கலாமா?"

அன்புள்ள அண்ணாச்சிக்கு வணக்கம்.

மாத்திரையை வைக்காதீர்கள். கடைகளில் வண்டு மாத்திரை என்று கேட்டு வாங்கப்படுவது பெரும்பாலும் அலுமினியம் பாஸ்பைடு. 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தைப் பட்டதும் கரைந்து, 1 கிராம் பாஸ்பீன் வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயு வண்டைக் கொல்வதைப் போலவே பக்கத்து அறையில் படுத்திருக்கும் சமையல்காரரையும் கொல்லும். பெரிய கிடங்குகளில் மூட்டை அடுக்கின்மேல் வாயு புகாத உறையைப் போர்த்தி, விளிம்புகளில் மணல் மூட்டை வைத்து, நாள் கணக்கில் மூடிவைத்துத்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள்; அதையும் பயிற்சியும் உரிமமும் உள்ளவர்கள் மட்டுமே செய்யலாம். அடுக்களையோடு கதவு சேர்ந்த ஒரு சரக்கறையில் அப்படி மூடி வைக்க வழியில்லை. அரிசியில் போரிக் பவுடர் கலப்பதும் வேண்டாம், அது உணவில் சேரத்தக்க பொருளன்று.

உங்கள் கடிதத்தில் நான் முதலில் கவனித்தது நாள் கணக்கு. புரட்டாசிக் கடைசிக்கும் கார்த்திகை முதல் வாரத்துக்கும் இடையில் ஏறத்தாழ ஐந்து வாரம் இருக்கிறது. கூன்வண்டின் வாழ்க்கைச் சுற்றும் நம் ஊர் வெப்பத்தில் அவ்வளவுதான். பெண் வண்டு தன் மூக்கால் அரிசி மணியில் துளைபோட்டு, உள்ளே ஒரு முட்டையை இட்டு, துளையைப் பசை போன்ற ஒன்றால் அடைத்துவிடும். அதன்பின் அந்த அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. புழு மணிக்குள்ளேயே அரிசியைத் தின்று, கூட்டுப்புழுவாகி, 30 முதல் 35 நாளில் வண்டாக மணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஆகவே நீங்கள் கார்த்திகையில் பார்த்த வண்டுகளின் முட்டைகள், மூட்டை உங்கள் வாசலில் இறங்கியபோதே அரிசிக்குள் இருந்திருக்க வேண்டும்; அல்லது அறையில் ஏற்கெனவே இருந்த வண்டுகள் முதல் சில நாளிலேயே இட்டிருக்க வேண்டும். இந்த இரண்டில் எது என்பதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

மைதாவிலுள்ள சிவப்பு வண்டு வேறு சாதி. அதற்கு நீண்ட மூக்கு கிடையாது, முழு மணியைத் துளைக்கவும் முடியாது. மாவும், ரவையும், அரிசிக் குருணையும், சாக்கிலிருந்து உதிர்ந்த தூசியும்தான் அதற்கு உணவு. வளர்ந்த வண்டு ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும் என்பதால், சுவர் வெடிப்பில் ஒரு சிட்டிகை மாவு தங்கியிருந்தாலும் அடுத்த மூட்டை வரும்வரை அது அங்கே காத்திருக்கும். கூன்வண்டு பெரும்பாலும் மூட்டையோடு வருகிறது; சிவப்பு வண்டோ பெரும்பாலும் அறையிலேயே குடியிருக்கிறது. ஒன்றுக்குச் செய்யும் மருந்து மற்றதற்குப் பயன்படாமல் போவது இதனால்தான்.

இனி, கழுவியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையில் கழுவியிருந்தால் தீங்கில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிய சிமெண்டுத் தரையும் சுவரின் அடிப்பாகமும் பல நாளானாலும் உள்ளுக்குள் காய்வதில்லை. மேலே காய்ந்ததுபோல் தெரியும், மூட்டையை வைத்ததும் அந்த ஈரம் சாக்கில் ஏறும். வெடிப்புகளில் இருந்த மாவோ தண்ணீரில் குழைந்து இன்னும் ஆழத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் இரண்டு முறை உழைத்த உழைப்பு இப்படி எதிராகத் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் சரக்கறையை உலர்வாகத்தான் துப்புரவு செய்ய வேண்டும். தூசி உறிஞ்சும் எந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்தாவது வெடிப்பு, அலமாரி மூலை, கதவு நிலையின் அடி, மின்சாரப் பெட்டியின் பின்புறம் ஆகிய இடங்களில் உறிஞ்சியெடுங்கள்; எடுத்த தூசியை அறைக்குப் பக்கத்தில் கொட்டாமல், பையில் கட்டி அன்றே வெளியேற்றுங்கள்; பின் வெடிப்புகளை வெள்ளைச் சிமெண்டால் அடையுங்கள்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு உதவும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் இதே சிக்கலுக்காக என்னை அழைத்திருந்தார்கள். அறை பளிச்சென்று இருந்தது, தரையில் ஒரு மணி அரிசி கூடக் கிடக்கவில்லை. கதவுக்கு மேலிருந்த பரணில் மட்டும், திருப்பி விற்பதற்காக மடித்துவைத்த காலிச் சாக்குகள் ஆளுயரத்துக்கு இருந்தன. அடியிலிருந்த ஒரு மைதாச் சாக்கை இறக்கி, அதன் அடித்தையலைப் பிரித்துக் காட்டினேன். நூலுக்கும் மடிப்புக்கும் நடுவே வரிசையாக மாவு படிந்து, இலேசாக இளஞ்சிவப்பாகக் கறுத்திருந்தது. விரல் பட்டதும் அதற்குள்ளிருந்து வண்டுகள் சரசரவென்று இறங்கி ஓடின. நெடியும் மூக்கில் ஏறியது. பல மாதங்களாக அந்தப் பரண்தான் கீழேயிருந்த மாவுக்கு வண்டு வழங்கிக்கொண்டிருந்தது. உங்கள் காலிச் சாக்குகளை எங்கே வைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சரக்கறையிலோ அதை ஒட்டியோ இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக இன்றே அவற்றை வெளியேற்றுங்கள்.

அதே வகையான இன்னொரு பழக்கம், பாதி காலியான டிரம்மில் புது மாவைக் கொட்டுவது. அடியில் கிடக்கும் ஒரு சாண் பழைய மாவு அங்கேயே மாதக் கணக்கில் இருந்து, வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும் வண்டைக் கொடுக்கும். மைதாவுக்கும் ரவைக்கும் கடலைமாவுக்கும் இரண்டிரண்டு டிரம் வைத்துக்கொண்டு, ஒன்று முழுக்கத் தீர்ந்த பிறகே மற்றதைத் திறங்கள். தீர்ந்ததைக் கழுவினால், உள்ளே துணியால் ஒற்றி, அடுப்பு வெப்பம் படும் இடத்தில் கவிழ்த்துவைத்து, நன்றாக உலர்ந்ததைத் தொட்டுப் பார்த்த பின்புதான் நிரப்ப வேண்டும். மூடியில் ரப்பர் வளையம் இருக்கட்டும், திறந்த தேதியைச் சுண்ணக்கட்டியால் வெளியே எழுதிவிடுங்கள்.

நான் உங்களிடம் மிகவும் வலியுறுத்த விரும்புவது கொள்முதல் கணக்கு. உங்கள் வரவையும் செலவையும் வகுத்துப் பாருங்கள். இட்லி அரிசி 500 கிலோ, நாளுக்கு 12 கிலோ என்றால் 41 நாளைக்கு மேல் வரும். சாப்பாட்டு அரிசி 750 கிலோ 37 நாளைக்கு வரும். மைதா 300 கிலோ 50 நாளைக்கு வரும். கூன்வண்டுக்குத் தேவையான 30, 35 நாள் மூன்றுக்குள்ளும் அடங்கிவிடுகிறது. சிவப்பு வண்டும் மாவில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை பெருகிவிடும். அதாவது, வந்த முட்டை வண்டாகி, அந்த வண்டு மறுபடி முட்டையிடும் அளவுக்கு நீங்கள் அவகாசம் கொடுத்துவிட்டீர்கள். மழைக்காலம் முழுவதும் அரிசி மூன்று வாரத்துக்குள், மாவு இரண்டு வாரத்தைச் சற்றே தாண்டித் தீரும்படி வாங்கினால், வண்டு பெருகுவதற்கு முன்பே சரக்கு இலைக்குப் போய்விடும். உங்கள் அளவில் அது இட்லி அரிசி 9 மூட்டை, சாப்பாட்டு அரிசி 15 மூட்டை, மைதா 2 மூட்டை. சாப்பாட்டுக்குப் பழைய அரிசிதான் உதிரியாக வரும் என்பதற்காகச் சேர்த்து வைக்கிறவர்கள் உண்டு. அரிசியைப் பழக்குகிற வேலையை அதற்கான இடமும் புழக்கமும் உள்ள மண்டிக்காரரிடமே விட்டுவிட்டு, பழைய அரிசியாகவே வாங்குங்கள். மூட்டைக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், ஒரு மூட்டை மைதாவைக் குப்பையில் கொட்டுவதோடு ஒப்பிட்டால் அது இலாபமே.

சரக்கு இறங்கும்போது செய்ய வேண்டியது அதிகமில்லை. சாக்கின் தையலையும் மூலையையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு கைப்பிடியைச் சுளகில் போட்டுப் புடைத்து, மாவுத்தூசியும் துளை விழுந்த மணியும் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தைப் பார்க்கக் கருவி இல்லையென்றால், நன்றாகக் காய்ந்த ஒரு கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி அரிசியையும், வறுத்து ஆறவைத்த ஒரு தேக்கரண்டி உப்பையும் போட்டு மூடிக் குலுக்கிச் சில நிமிடம் விட்டுவிடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது என்று பொருள். சேமிக்கும் அரிசி 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதன் பிறகு, முன்னே சொன்ன கேள்விக்கான வழி இது: ஒவ்வொரு தடவை அரிசி வரும்போதும் அதிலிருந்து ஒரு கிலோ எடுத்து, கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயை மெல்லிய வெள்ளைத்துணியால் கட்டி, ஆலைப் பெயரையும் தேதியையும் ஒட்டி, சரக்கறைக்கு வெளியே உங்கள் கல்லாப்பெட்டிப் பக்கம் வையுங்கள். அறைக்குள் நுழையாத அந்த அரிசியில் ஐந்து வாரத்துக்குள் வண்டு தோன்றினால் அது மூட்டையோடு வந்தது. ஜாடி சுத்தமாக இருந்து அறையில் மட்டும் வண்டு தென்பட்டால் தவறு அறையில் இருக்கிறது.

பருப்பு வகையில் உடைத்த துவரம்பருப்பைவிட, முழுப் பயறுகளையே அதிகம் கவனிக்க வேண்டும். உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு வாங்கும் தொலி உளுந்து உடைத்ததாகவே பெரும்பாலும் வரும், ஆனால் முழு உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, சுண்டல் ஆகியவற்றின் மேல் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை பயறு வண்டின் முட்டைகள். வெயில் காலத்தில் கறுப்புத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் விரிப்பால் மூடி வெயிலில் காய்ச்சினால், உள்ளே ஏறும் சூட்டில் புழுவும் முட்டையும் அழியும். கார்த்திகை வெயிலில் அந்தச் சூடு கிடைக்காது. அரிசியை எந்தக் காலத்திலும் கடும் வெயிலில் போடாதீர்கள், மணியில் விரிசல் விழுந்து சோறு நொய்யாகிவிடும். வசம்பு, வேப்பிலை, வத்தல் இவற்றைப் பலரும் கேட்கிறார்கள். வெளியிலிருந்து வரும் வண்டை அவற்றின் வாடை ஓரளவு தள்ளிவைக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. மணிக்குள் இருக்கும் புழுவை அவை ஒன்றும் செய்வதில்லை. துணியில் முடிந்து போடுவதானால் போடுங்கள், அதை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

மல்லித்தூள் கட்டியானது வேறு கதை. உங்கள் பொடிகளை மில்லில் அரைத்து வருகிறீர்களா என்று பாருங்கள். மில்லிலிருந்து வரும் பொடி கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அமுக்கி மூடினால், சூடான காற்றிலுள்ள ஈரம் ஆறும்போது மூடியின் உட்புறம் வியர்த்து, பொடியின் மேல் சொட்டும். அதில்தான் கட்டி தொடங்குகிறது, அடுத்து பூசணம். அகலமான தட்டில் பரப்பி, முழுக்க ஆறவிட்டு மூட வேண்டும். கொதிக்கிற சாம்பார் அண்டாவின் மேலேயே டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஈரக் கரண்டியால் அள்ளுவதும் இதே விளைவைத் தரும். ஆகவே அன்றைக்கு வேண்டியதை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து அடுப்படிக்குக் கொடுத்துவிட்டு, பெரிய டப்பா சரக்கறையை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மல்லியையும் வத்தலையும் முழுதாக வைத்திருந்து பத்து நாளைக்கு மட்டும் அரைப்பதே நல்லது. பூசணம் பூத்த வத்தலையோ மல்லியையோ துடைத்து, வறுத்து உபயோகிக்கக் கூடாது. சில பூசணங்கள் விடும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு, வறுக்கும் சூட்டில் போவதில்லை. அது கல்லீரலைக் கெடுப்பது.

இனி அறையின் ஓதம். ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்று தெரியாமல் செலவு செய்யாதீர்கள். ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் துண்டை, நான்கு பக்கமும் அகலமான ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். சுவரை ஒட்டிய உட்புறத்தில் துளிகள் நின்றால் சுவர் ஊறுகிறது; அறையைப் பார்த்த வெளிப்புறத்தில் நின்றால் காற்றின் ஈரம். முதல் வகைக்கு, அந்தச் சுவருக்கு அப்பால் பாத்திரம் கழுவுமிடமோ மழைநீர்க் குழாயோ இருக்கிறதா என்று பார்த்து அதைச் சரிசெய்யாமல் உள்ளே எத்தனை பூச்சுப் பூசினாலும் நிற்காது. இரண்டாவது வகைக்கு, இட்லிக் கொப்பரை ஆவி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தேட வேண்டும். சரக்கறையின் புகைபோக்கி விசிறி காற்றை வெளியே தள்ளும்போது, அடுக்களைக் கதவு திறந்திருந்தால் அந்த ஆவியையே அது உள்ளே இழுக்கும். எனவே கதவு தானாக மூடிக்கொள்ள ஒரு வில் பொருத்துங்கள். சாரல் விழும் நாளில் வெளிக்காற்றே ஈரமாக இருப்பதால், காற்றோட்டத்துக்கு என்று சன்னலைத் திறந்துவைப்பது அன்றைக்கு எதிர்மாறான வேலை. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது 65-க்குள் காட்டும்வரை கவலையில்லை, 70-ஐத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் பூசணம் தொடங்கும்.

மூட்டையைத் தரையிலிருந்து அரையடி உயரத்தில் மரச்சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்குங்கள். இடம் போதாதென்றால் ஓரடியாவது விடுங்கள். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து துடைப்பத்தோடு திரும்ப முடிகிற இடைவெளி இல்லாவிட்டால், அங்கே துப்புரவு நடக்காது. வாசலுக்கு அருகில் இருப்பது பழைய சரக்காக இருக்கட்டும்.

கையிலுள்ள மிச்சத்தை என்ன செய்வது என்பதும் கேள்விதான். வண்டு தொற்றிய மைதாவைச் சலித்து உபயோகிக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அந்த வண்டு சுரக்கும் நெடிப்பொருள் மாவில் ஊறியிருக்கும், சல்லடை அதைப் பிரிக்காது. பரோட்டாவின் சுவையிலும் அது தெரியும். அரிசியும் அப்படியே: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, பாதுகாப்பற்ற உணவு என்பதற்குத் தரும் விளக்கத்தில் புழு, வண்டு, பூச்சி தொற்றிய உணவையும் சேர்த்தே சொல்கிறது. வீட்டில் புடைத்துக் கழுவிச் சமைப்பது வேறு, விலை வாங்கிக்கொண்டு இலையில் போடுவது வேறு. பூசணம் இல்லாத அரிசியை மாட்டுத் தீவனத்துக்குக் கொடுங்கள். வண்டு இன்னும் தென்படாத, மூடிய ரவை, கடலைமாவுப் பைகள் இருந்தால், குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் கழித்தல் 18 டிகிரியில் நான்கு நாள் வைத்தால் உள்ளே முட்டை இருந்தாலும் அழியும். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், பை அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியபடியே விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த மாவின்மேல் காற்று வியர்த்து மறுபடி ஈரமாகும்.

தை பிறந்து, கருவியில் ஈரப்பதம் இறங்கி நின்ற பிறகு அரிசி இருப்பை 25 நாள்வரை கூட்டலாம், மாவை மட்டும் கூட்ட வேண்டாம். அடுத்த கொள்முதலின் ஜாடியில் வண்டு தென்பட்டால், அதை ஆலைப் பெயரும் தேதியும் தெரியும்படி அப்படியே மண்டிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டி, அதே வரவில் இன்னும் பிரிக்காத மூட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜாடி சுத்தமாக இருந்தால், பாலித்தீன் துண்டின் எந்தப் பக்கம் துளி நின்றது என்பதையும், பரண் இருக்கிறதா என்பதையும் குறிப்பிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.